கேபிள் எங்கே தப்பாகத் திரும்பியது?

கோத்தகிரிச் சித்தி சாம்பல் நிறக் கம்பளியில் ஸ்வெட்டர் பின்னுகிறார். முன்பக்கம் 32 வரிசை முடிந்தபோது படம் அனுப்பி, "ஏதோ கோணலா இருக்கு கண்ணு, கண்ணியெல்லாம் எண்ணிட்டேன், சரியாத்தான் இருக்கு" என்றார். அந்த ஸ்வெட்டரில் கேபிள் உண்டு, அதாவது சில கண்ணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இடம் மாற்றிப் பின்னும் கயிறுபோன்ற முறுக்கு. கண்ணி எண்ணிக்கை சரியென்றால் பெரும்பாலும் கேபிள் மாறிய இடத்தில்தான் தேட வேண்டும், ஏனென்றால் கேபிள் கண்ணிகளை இடம் மாற்றுமே தவிர கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

ஆனால் முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே மூடுபனி, வெளிச்சம் எங்கும் ஒரே சீராக விழுந்ததால் முறுக்கின் நிழலே இல்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, துணிமேல் இஞ்ச் டேப் வைத்து எடுக்கச் சொன்னேன். டேப் எதற்கென்றால், போனின் முன்பக்கக் கேமரா சில சமயம் படத்தைக் கண்ணாடிபோல இடவலமாக மாற்றிவிடும், அப்போது வலப்பக்கம் சாய்ந்த முறுக்கு இடப்பக்கம் சாய்ந்ததாகத் தெரியும். டேப்பில் எண்கள் நேராக வாசிக்க முடிந்தால் படத்தை நம்பலாம். தலைகீழாக எடுத்தால் பரவாயில்லை, சாய்வு மாறாது.

சார்ட்டில் ஆறு கண்ணி கேபிள் இரண்டு: வலது கேபிள் வலப்பக்கமும் இடது கேபிள் இடப்பக்கமும் சாய வேண்டும். இரண்டும் 3, 11, 19, 27ஆம் வரிசைகளில் மாறும். படத்தில் ஊசியிலிருந்து கீழே வந்தேன். வலது கேபிளில் மேலே இருப்பது சரி, அதற்குக் கீழே இருந்தது மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் V போலத் தெரியும்; அந்தத் தப்பான முறுக்குக்கு மேலே ஊசியில் இருப்பதையும் சேர்த்து 13 வரிசை V எண்ணினேன், 32இல் கழித்தால் 19. அந்த வரிசையில் மூன்று கண்ணியைக் கேபிள் ஊசியில் பின்னால் பிடிப்பதற்குப் பதில் முன்னால் பிடித்திருக்கிறார்.

முழுசையும் பிரிக்க வேண்டியதில்லை. நான் குன்னூரிலிருந்து போய் அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து விட்டு, 14 வரிசை கீழே இறக்கினோம். மீதிக் கண்ணிகளுக்கு மார்க்கர் போட்டுப் பூட்டிக்கொண்டோம். ஏணிபோலத் தொங்கிய நூல்களில் அடியில் உள்ளதிலிருந்து ஆரம்பித்து, இருமுனை ஊசி இரண்டை வைத்து, எப்போதும் நேர்ப்பக்கம் பார்த்தபடியே ஒவ்வொரு நூலுக்கும் ஆறு கண்ணி பின்னினார் சித்தி. ஒரு வரிசை முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டால் போதும். 19இல் பின்னால் பிடித்து மாற்றினார், 27இல் அதே மாதிரி மறுபடியும், ஏனென்றால் இறக்கும்போது அந்த முறுக்கும் அவிழ்ந்துவிட்டது.

பின்னி முடித்ததும் கேபிளின் ஓரக் கண்ணிகள் தளர்ந்து, நடுவில் இறுகி இருந்தன. ஊசி முனையால் ஓரத்து நூலை நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சரிசெய்தோம். மிச்சத் தளர்ச்சி கழுவி விரித்துக் காயப்போட்டால் போய்விடும், சித்தி ஸ்வெட்டர் முடித்ததும் செய்வார்.