பையை வாங்கில் வைத்துவிட்டுப் போகாதீங்க: மட்டக்களப்புத் தெருவில் குறும்படம் எடுத்த கதை

எங்கள் குறும்படத்தில் ஒரேயொரு காட்சிதான் வெளியே. கல்முனையில் இருந்து பஸ்ஸில் வரும் ஒரு அம்மா மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி, சந்தைக்குள் போய் மீன் வாங்கி வீட்டுக்கு நடக்கிறா. திரையில் மூன்று நிமிடம்கூட வராது. அதற்கு அனுமதி எடுக்க எங்களுக்கு பதினாறு நாள் போனது, எடுத்து முடிக்க இரண்டு காலைகள் போயின. இனிமேல் எடுக்கப்போகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் அனுமதி இல்லாமலேயே போனோம். போனில்தானே எடுக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. போனை ஆட்டம் காட்டாமல் பிடிக்கிற அந்தக் கைப்பிடியை வெளியே எடுத்ததுதான் தாமதம், ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் எங்கள் அம்மா நடிகையைச் சுற்றி முப்பது நாற்பது பேர். அப்புறம் பஸ் நிலையத்தில் பொறுப்பாக இருந்த ஒருவர் வந்து, "ஆரைக் கேட்டு எடுக்கிறீங்க தம்பி?" என்றார். கேள்வி நியாயமானது, எங்களிடம் பதில் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த கிழமை மாநகர சபைக்குப் போனேன். கடிதம் ஆணையாளருக்கு எழுத வேண்டும் என்றார்கள். நான் ஒரு பக்கம் முழுக்கக் கதைச் சுருக்கம், தாய்மை, புலம்பெயர்வு என்றெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த ஒரு ஐயா அதை வாசித்துவிட்டு, "தம்பி, கதை நல்லாயிருக்கு, ஆனா எத்தனை பேர் வாறீங்க, எத்தனை மணிக்கு வாறீங்க, எதை மறிப்பீங்க, அதை எழுதுங்கோ" என்றார். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான். இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்: ஐந்து பேர், ஒரு கெமரா, ஒரு முக்காலி. விளக்கோ ஜெனரேட்டரோ இல்லை. பாதையை மறிக்க மாட்டோம், கடை வியாபாரத்தை நிறுத்தச் சொல்ல மாட்டோம். காலை 6 மணியில் இருந்து 9 மணிவரை. மழை வந்தால் மாற்றிக்கொள்ள இரண்டு திகதிகள். ஐந்து பேருடைய பெயரும் அடையாள அட்டைப் பிரதியும். கடைசியில் எங்கே நிற்போம் என்று கையால் கீறிய ஒரு படம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசினார்கள், கடிதத்தை யாரும் இரண்டாம் தடவை வாசிக்கவில்லை.

பொலிஸுக்குக் கொடுத்த பிரதியோடு சிங்களத்திலும் ஒன்று எழுதி வைத்தோம். தமிழில் மட்டும் கொடுத்தால் வாசிப்பதற்கு ஆள் தேட வேண்டும், அந்த இடைவெளியில் கடிதம் மேசையிலேயே கிடக்கும். சிங்களம் படிப்பிக்கிற நண்பன் ஒருவன் ஒரு மாலையில் எழுதித் தந்தான். பொறுப்பதிகாரி அதை வாசித்துவிட்டு மூன்று கேள்விகள்தான் கேட்டார். சண்டைக் காட்சி இருக்கா? சீருடை போட்ட ஆள் இருக்கா? துப்பாக்கி, கத்தி, பொம்மையாக இருந்தாலும், இருக்கா? இல்லை என்றேன். அப்புறம் கதையில் என்ன நடக்கும் என்று கேட்டார். அம்மா பஸ்ஸால் இறங்கி, கையில் இருந்த பையை வாங்கில் வைத்துவிட்டு ஒரு கடைக்குள் போவா, திரும்பி வந்து எடுப்பா என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆள் இல்லாமல் கிடக்கும் ஒரு பையை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டு போக மாட்டார்கள். கெமரா எங்கோ தூரத்தில் நிற்கும், பையைப் பார்க்கிற ஆளுக்கு அது நடிப்பு என்று எப்படித் தெரியும்? "பை கையிலேயே இருக்கட்டும்" என்றார். அனுமதி தந்தார். நான் வீட்டுக்கு வந்து திரைக்கதையை மாற்றினேன். பையை அம்மா மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி இருக்கிறா. உண்மையைச் சொன்னால் காட்சி முன்னையதைவிட நன்றாக வந்தது.

கடிதங்கள் கையில் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. நிற்கிற இடத்துக்குத்தான் அந்தக் கடிதங்கள், பஸ்ஸுக்கு இல்லை. சிவப்பு பஸ் இலங்கை போக்குவரத்துச் சபையுடையது, ஆகவே சாலை முகாமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும். தனியார் பஸ் என்றால் முதலாளி இருக்கிறார், ஆனால் அந்த நேரத்தில் ட்ரைவரும் கொண்டக்டரும் சொல்வதுதான் நடக்கும். நாங்கள் சிவப்பு பஸ்ஸையே எடுத்தோம், ஏனென்றால் ஒன்று போனாலும் அடுத்ததும் அதே நிறம். பஸ்ஸின் கதவு, மிதிபலகை, அம்மாவின் கால், பை. இதற்கு மேல் சட்டகத்தில் எதுவும் வைக்கவில்லை. அதனால் இலக்கத் தகடு மாறியதை எந்த ஷொட்டிலும் கண்டுபிடிக்க முடியாது.

பஸ் நிலையத்தில் உங்களுக்கு உண்மையில் தேவையான ஆள் நேரம் எழுதுகிறவர். எந்த பஸ் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் மாலை நான் சும்மா போய் அவர் பக்கத்தில் நின்று, "அண்ணன், நாளைக்குக் காலையில ஆகக் கூட நேரம் நிக்கிறது எது?" என்று கேட்டேன். ஒன்று இருபது நிமிடம் நிற்கும் என்றார். இருபது நிமிடத்தில் மூன்று தடவை எடுக்கலாம். வேறு பஸ்களில் ஒரு தடவைகூட முடியாது, ஆட்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள், உள்ளே ஏறுகிற ஒருவரை நிறுத்திவைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

இப்போது ஆட்களைப் பற்றி. கூட்டத்தை அகற்ற முடியாது, அதை வேறு பக்கம் திருப்பலாம், அவ்வளவுதான். எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி என் தங்கச்சி. அவளுடைய வேலை கதைப்பது மட்டும். தொப்பி, கழுத்தில் பட்டி, கையில் பெரிய கோப்பு, பார்த்தால் அவள்தான் இயக்குநர். கெமராவில் இருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, கெமராவின் பின்பக்கமாக நிற்பாட்டினேன். "என்ன டீவிக்கு?", "எப்ப போடுவீங்க?", "என்ட மகனும் நல்லா நடிப்பான் புள்ள" எல்லாம் அவளிடம் போகும். கூட்டம் அவளைச் சுற்றி நிற்கும்போது அது லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. நான் ஒரு மூலையில் தண்ணீர் போத்தலோடு ஒரு பயணி மாதிரி நின்றேன்.

இரண்டாவது, முக்காலியை வைத்துவிட்டு எதையும் எடுக்காமல் நிற்பது. வந்தவுடன் பதிவு தொடங்கினால் எல்லாக் கண்ணும் லென்ஸில்தான் இருக்கும். நாங்கள் கெமராவை வைத்துவிட்டு பிளேன்டீ குடித்தோம். இருபது நிமிடத்தில் சுற்றி இருந்தவர்களுக்கு அலுத்துவிட்டது, அவரவர் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். 'ஆக்‌ஷன்' என்று ஒருநாளும் கத்தவில்லை. நான் தலையைக் கோதினால் நடக்க வேண்டும், கெமரா அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும். கத்தினால் இரண்டு நிமிடத்தில் ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அது எங்கள் அனுபவம்.

நான் ஒரு தடவை கத்தினேன், அதையும் சொல்ல வேண்டும். ஒரு பெடியன் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து கெமராவுக்குக் கை காட்டினான். நான்காவது தடவை கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். உடனே பக்கத்துக் கடைக்காரர் எழும்பி, "அவன் எங்கட பெடியன், நீங்க ஆரு?" என்றார். அதற்குப் பிறகு அரை மணிநேரம் அந்தப் பக்கம் யாரும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டேன். பெடியனைக் கூப்பிட்டு, சாமான் பைக்குப் பக்கத்தில் இருத்தி, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அன்று முழுக்க எங்களுக்குக் கிடைத்த ஆகக் கடுமையான காவல் அவன்தான்.

சாதாரண உடுப்பில் ஒருவர் வந்து எங்கள் பெயரெல்லாம் கேட்டார். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் தொண்டையைச் செருமி அதைக் கேட்கவில்லை. கடிதங்களின் பிரதியை நீட்டினேன், அவர் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மூலப் பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதிகளைக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் ஒரு காலையில் நான்கு பேருக்குக் காட்ட வேண்டி வந்தது. கெமராவை எப்போதும் பாலம், முகாம், சோதனைச் சாவடி இருக்கும் பக்கம் திருப்பாமல் வைத்தோம்.

சந்தை இரண்டாம் நாள். மீன் வாங்கும் காட்சிக்கு ஒரு அக்காவிடம் முதலே பேசியிருந்தோம், அவவுக்குச் சம்மதம். ஆனால் பக்கத்து மேசை மாமி, "என்ட முகம் விழக்கூடாது மனே, மருமகன் பார்த்தா கதைப்பான்" என்றா. கெமராவை இரண்டு அடி இடப்பக்கம் நகர்த்தினோம், அவவின் கையும் இறாலும் மட்டும் சட்டகத்தில் விழுந்தது. மூன்று தடவை எடுத்தோம், மூன்று தடவையும் அக்கா உண்மையாகவே சூடை நிறுத்துத் தந்தா. நிறுத்ததற்குக் காசு கொடுக்காமல் எப்படி வருவது? மூன்று கிலோ சூடையோடு வீட்டுக்குப் போனோம். மாமி மட்டும் கடைசி வரைக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தா, வீடியோவில் தன் விரல் வருகிறதா என்று கேட்டா. காட்டினேன். "வளையல் வந்திருக்கு" என்று சிரித்தா.

ஒரு விஷயத்தில் முழுக்கத் தோற்றோம், ஒலி. பஸ்ஸுக்குள் ஓடிய பாட்டை நிறுத்தும்படி கேட்டால் கொண்டக்டர் நிறுத்துவார், ஆனால் அடுத்த பஸ்ஸில் வேறு பாட்டு ஓடும். வேறொருவருடைய பாட்டு நம் படத்தில் இருந்தால் போட்டிகளுக்கு அனுப்பும்போது உரிமைப் பிரச்சினை வரும், வெட்டி ஒட்டும்போது பாட்டும் துண்டு துண்டாய்க் கேட்கும். ஆகவே அந்த இரண்டு நாள் ஒலியையும் எறிந்துவிட்டோம். நான்கு நாள் கழித்து நான் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். கெமரா இல்லை, தங்கச்சி இல்லை. பஸ் நிலையத்தின் மூலையில் அரை மணிநேரம் நின்றேன், அப்புறம் மீன் மேசைகளுக்கு இடையில் நடந்தேன். நேரம் எழுதுகிற அண்ணனும் என்னை அடையாளம் காணவில்லை. "எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார்.