ஐந்து குறிப்புகளில் ஒரு பொய்

கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்த நாள்களில், பரணில் இருந்த தேக்குப் பெட்டியை நானும் பெரியம்மா மகள் செல்வி அக்காவும் கீழே இறக்கினோம். அதில் மூன்று வளையங்கள் கொண்ட பித்தளை எண் பூட்டு தொங்கியது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரான தாத்தா, வளையங்களை 000-இல் நிறுத்திப் பூட்டை ஒருமுறை இழுத்துக் காட்டினார், அது திறக்கவில்லை. பிறகு ஒரு சீட்டைக் கொடுத்து, அதிலுள்ள ஐந்து குறிப்புகளில் சரியாக ஒன்று பொய் என்றும், ஒரே ஒரு முறைதான் திறந்து பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அந்த நிபந்தனை இல்லாவிட்டால், இருக்கக்கூடிய ஆயிரம் எண்களையும் ஒரே மத்தியானத்தில் திருகிப் பார்த்திருப்போம்.

எண் 9-ஆல் மீதியின்றி வகுபடும் என்றது முதல் குறிப்பு. இலக்கங்களின் கூட்டுத்தொகை 12 என்றது இரண்டாவது. எண் 5-ஆல் வகுபடும், நடு இலக்கம் முதல் இலக்கத்தைப் போல் இருமடங்கு, முதல் இலக்கம் இரட்டைப்படை என்பவை மற்ற மூன்று.

நான் ஒவ்வொரு குறிப்பாகப் பொய்யென்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். அக்காவோ சீட்டை முழுவதும் படித்துவிட்டு, "முதல் ரெண்டும் ஒண்ணா நிக்காதுடா" என்றாள். 9-ஆல் வகுபடும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் அந்தத் தொகையும் 9-ஆல் வகுபட வேண்டும். 12 அப்படி வகுபடாது. ஆகவே பொய் அந்த இரண்டில் ஒன்றுதான். மற்ற மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பொய் எது என்று தெரியும் முன்பே மெய் எவை என்று தெரிந்துவிட்ட இந்த இடம்தான் எனக்கு இன்றும் பிடித்தது.

முதல் இலக்கம் இரட்டைப்படையாகவும், அதன் இருமடங்கு ஓரிலக்க எண்ணாகவும் இருக்க வேண்டுமென்றால், அது 0, 2, 4 ஆகியவற்றுள் ஒன்று. கடைசி இலக்கம் 0 அல்லது 5. எனவே 000, 005, 240, 245, 480, 485 என்னும் ஆறு எண்களே மிஞ்சின. அவற்றுள் 9-ஆல் வகுபடுவது 000 மட்டுமே. கூட்டுத்தொகை 12 வருவது 480 மட்டுமே. இரண்டில் எது என்று சீட்டு சொல்லவில்லை. தாத்தா பூட்டை 000-இல் நிறுத்தி இழுத்துக் காட்டியது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதல் குறிப்பே பொய்.

நடு வளையம் களிம்பு பிடித்து இறுகியிருந்ததால், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத்தான் 8-க்குக் கொண்டுவர முடிந்தது. பூட்டு திறந்துகொண்டது. உள்ளே ஒரு பல்லாங்குழியும் பை நிறையப் புளியங்கொட்டையும் இருந்தன. 480-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதைச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டிய பிறகே தாத்தா எங்களை ஆட விட்டார்.