பதினாறு தையல்: திருப்பணிப் புத்தகத்தை அட்டவணையாக்கியதில் இந்த மாதம்

கோட்டையூர் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த திருப்பணி நன்கொடைக் கணக்குப் புத்தகத்தைப் போன மாதம் ஸ்கேன் செய்து முடித்தேன். அச்சுக்கோத்து அடித்த புத்தகம், 412 பக்கம். ஒவ்வொரு வரிசையிலும் எண், விலாசம், ஊர், தொகை. விலாசம் என்றால் எங்கள் பக்கத்து விலாசம்: நாலு தலைமுறையின் முதலெழுத்துகள் புள்ளி வைத்து வரிசையாக நிற்கும், கடைசியில்தான் ஆள் பெயர் வரும். அதனால் பல பதிவுகள் இரண்டு மூன்று வரி ஓடும். தொகை கடைசி வரியின் ஓரத்தில்தான் இருக்கும்.

பழைய கணினி என்பதால் 25 பக்கமாக வெட்டி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் tesseract எழுத்துணரியில் ஓட்டினேன். ஒரு துண்டு கெட்டாலும் அதை மட்டும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

```
pdftoppm -r 300 -gray -f 76 -l 100 -png book.pdf p
tesseract p-076.png p-076 -l tam --psm 6 tsv
```

`tsv` கேட்டதற்குக் காரணம், ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதில் வந்துவிடும். இடது ஓரத்தில் எண் இருந்தால் புதுப் பதிவு, இல்லாவிட்டால் முந்தைய பதிவின் தொடர்ச்சி என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். 17 துண்டும் ஓடி முடிந்தன. முதல் அட்டவணையை அப்பச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தவர், 1183-ஆம் எண்ணில் நிறுத்தினார்.

"இவரு பதினெட்டாயிரத்துச் சொச்சம் குடுத்திருக்காராப்பா? அந்தக் காலத்துல அதுக்குக் கோயிலையே கட்டியிருக்கலாமே."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 75-ஆம் பக்கத்தின் கடைசி வரி "1183 நா. சித. ராம. மு. அண்ணா" என்று முடிகிறது. 76-ஆம் பக்கத்தில் முதலில் "முன்பக்கத் தொகை 18,642-8-0", அதன் கீழே "மலைச் செட்டியார், கண்டனூர் 25-0-0", அதற்கும் கீழே "1184" என்று தொடங்கி, ஊர்க் கட்டத்தில் "மேற்படி". (விலாசத்தை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

இங்கே இரண்டு தப்பு ஒன்றாக நடந்திருந்தது. முன்பக்கத் தொகை வரிக்கு எண் கிடையாது, அதனால் அதை நன்கொடையாளரின் தொடர்ச்சியாக நிரல் எடுத்துக்கொண்டது. இதைத் திருத்துவது எளிது: பக்கத் தலைப்பையும் முன்பக்கத் தொகையையும் ஒட்டுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டாவது தப்புதான் நாலு நாள் எடுத்தது. 75-ஆம் பக்கத்தோடு மூன்றாம் துண்டு முடிகிறது. துண்டுக்குள் 74-இலிருந்து 75-க்குப் போகும்போது முடியாத பதிவு நிரலின் கையில் இருக்கும். அடுத்த துண்டு தொடங்கும்போது கை காலி. இணைக்கும்போது துண்டுகளை அப்படியே அடுக்கியதில், மேலே ஒட்டாமல் நின்ற தலைவரிகளில் முதல் வரியின் தொகை மட்டும் 1183-க்குப் போய்ச் சேர்ந்தது. கண்டனூர் எங்கும் சேரவில்லை. 1184-இன் "மேற்படி" எதைச் சொல்கிறது என்றும் தெரியவில்லை. இப்படித் துண்டும் துண்டும் சேரும் தையல்கள் 16. அவற்றில் ஏழில் பதிவு நடுவே வெட்டுப்பட்டிருந்தது.

முதலில் தோன்றிய வழி, துண்டுகளை இரண்டு பக்கம் மேற்சேர்த்து வெட்டுவது. 75, 76 இரண்டும் இரு துண்டிலும் வரும், பதிவு ஏதாவது ஒன்றில் முழுசாக இருக்கும். இரட்டிப்பாக வந்ததை விலாசமும் தொகையும் ஒத்துப்போனால் நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். நீக்கியதில் மூன்று உண்மையான பதிவுகளும் போயின. ஒரே ஆள் தன் பேரில் ஒன்று, தாயார் பேரில் ஒன்று என்று ஒரே தொகையை அடுத்தடுத்துக் கொடுத்திருந்தார். மேற்சேர்க்கையைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது செய்வது இதுதான். எந்தத் துண்டும் தன் கடைசிப் பதிவைத் தானாக முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டும் மூன்று பகுதியாகக் கொடுக்கும்: முதல் எண்ணுக்கு முன்னால் வந்த அநாதை வரிகள், முழுப் பதிவுகள், தொகை வராமல் திறந்து நிற்கும் கடைசிப் பதிவு. எல்லாத் துண்டும் முடிந்த பிறகு வரிசையாக ஒரே ஓட்டத்தில் தைக்கிறேன்.

```python
if tail and not tail.amount:
    tail.lines += chunk.head
```

தொகை வந்தால் பதிவு மூடும். மூடிய பதிவில் இன்னொரு தொகை வந்து சேர்ந்தால் அது தொடர்ச்சி இல்லை, எண் மங்கிப்போன புதுப் பதிவு. அதற்கு எண்ணாகக் கேள்விக்குறி போட்டு ஒதுக்கிவிடுகிறேன். முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்தால் அது யாரென்று தெரிந்துவிடும். "மேற்படி"யை நிரப்புவது தையலுக்குப் பிறகுதான். முன்பே நிரப்பினால் 1184-க்குக் கண்டனூர் கிடைக்க வழியே இல்லை.

அப்புறம் சொல்லை எப்படி ஒட்டுவது? இந்தப் புத்தகத்தில் சொல் வரிமுனையில் உடைந்தால் சிறு கோடு போடவில்லை. புள்ளியை நம்பலாமா என்றால், விலாசம் முழுக்கப் புள்ளிதான். இடைவெளி விட்டு ஒட்டினால் "அண்ணா மலை", விடாமல் ஒட்டினால் வேறு இடங்களில் "சித.ராம" என்று நெருங்கி நிற்கும். இலக்கணம் கொஞ்சம் கைகொடுத்தது. அடுத்த பக்கம் மெய்யெழுத்திலோ ண, ன, ள, ழ, ற வரிசையிலோ தொடங்கினால் அது சொல்லின் நடுப்பகுதி, சந்தேகமே இல்லை. ர, ல வரிசைக்கு இது உதவாது, பாதி ஊரும் ராமநாதன், லெட்சுமணன். மலை போன்ற இடத்தில் புத்தகத்தையே கேட்டேன்: உடையாத வரிகளில் "அண்ணாமலைச்" 40 தடவைக்கு மேல் வருகிறது, தனி "அண்ணா" ஒன்றுகூட இல்லை. எது அதிகமோ அதுவே ஒட்டு.

சரிபார்க்கப் புத்தகமே வழி வைத்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரையான கூடுதல் உண்டு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதால் எல்லாவற்றையும் பையாக்கிப் பக்கம் பக்கமாகக் கூட்டி, அடுத்தடுத்த கூடுதல்களின் வித்தியாசத்தோடு ஒப்பிட்டேன். முதல் தடவை 75-ஆம் பக்கத்தில் 25 ரூபாய் கூடியும் 76-இல் 25 ரூபாய் குறைந்தும் வந்தது. ஒட்டிய பதிவைத் தொடங்கிய பக்கத்தின் கணக்கில் சேர்த்துவிட்டேன், தொகையோ 76-இல் அச்சாகியிருக்கிறது. இதில் ஒன்று பிடிபட்டது: அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒரே தொகை கூடியும் குறைந்தும் வந்தால் தையலில் கோளாறு. ஒரு பக்கத்தில் மட்டும் வந்தால் எழுத்துணரி இலக்கத்தைத் தப்பாகப் படித்திருக்கிறது.

300-க்கும் 301-க்கும் நடுவே இரண்டிலும் சேராத ஒன்று வந்தது. 4738-ஆம் பதிவு "அழகப்பச்" என்று முடிகிறது, அடுத்த படம் "செட்டியார், தேவகோட்டை 5-0-0" என்று தொடங்குகிறது. வாசித்தால் அப்பழுக்கில்லாத ஒட்டு. ஆனால் அடியில் 61,204-4-0, அடுத்ததன் தலையில் முன்பக்கத் தொகை 61,518-12-0. நடுவில் 314-8-0 காணோம். அடுத்த எண் 4739 ஆக இருக்க வேண்டும், இருப்பது 4770. அந்தச் செட்டியார் அழகப்பச் செட்டியாரே இல்லை.

புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஈரம் பட்டு இரண்டு தாள் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் எழுத்து வந்துவிடும் போல. அப்பச்சி கையை வைக்க விடவில்லை. பைண்டிங்காரர் ஒருவர் காரைக்குடியில் இருக்கிறாராம், திங்கள்கிழமை கொண்டுபோகிறோம். அதுவரை 4738-ஐத் திறந்தே வைத்திருக்கிறேன்.