பத்து நாள் லாங்கின் வாடகை

காலாவதி தேதியே இல்லாத கிரிப்டோ ஃபியூச்சர்ஸான பெர்பெச்சுவலில் பொசிஷனைப் பல நாள் வைத்திருப்பவர்கள் நுழைவு விலையையும் ஸ்டாப் லாஸையும் கவனிக்கிற அளவுக்கு, லாங்கும் ஷார்ட்டும் ஒருவருக்கொருவர் அவ்வப்போது தரும் ஃபண்டிங் கட்டணத்தைக் கவனிப்பதில்லை. 0.01% என்று திரையில் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வரும்? ஆனால் அந்தச் சதவீதம் போட்ட மார்ஜினுக்கு அல்ல, பொசிஷனின் மொத்த மதிப்புக்கு. பல எக்ஸ்சேஞ்சுகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒரு நாளைக்கு மூன்று முறை கணக்கு தீர்க்கப்படும். ரேட் பிளஸ்ஸில் இருந்தால், விலை ஏறும் என்று லாங் வைத்திருப்பவர் இறங்கும் என்று ஷார்ட் வைத்திருப்பவருக்குத் தருவார். மைனஸ் ஆனால் தலைகீழ்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மார்ஜின் 1,000 USDT, லெவரேஜ் 10 மடங்கு, விலை 100, கையில் 100 யூனிட் லாங். பொசிஷன் மதிப்பு 10,000. ரேட் 0.01% என்றால் ஒரு தடவைக்கு 1 USDT, முப்பது நாளில் 90. விலை அசையாமலேயே மார்ஜினில் 9% போய்விட்டது. எல்லாரும் லாங் பக்கம் குவியும் நாட்களில் ரேட் 0.05%க்கு ஏறினால், பத்தே நாளில் 150 போய்விடும். விலை 1.5% ஏறினால்தான் போட்டது திரும்பும். வர்த்தகக் கட்டணம் தனி.

இதைவிட மோசமானது, எக்ஸ்சேஞ்சே பொசிஷனைக் கட்டாயமாக மூடிவிடும் லிக்விடேஷன் விலை நகர்வது. இந்தப் பொசிஷனுக்கென்று மட்டும் ஒதுக்கிய ஐசோலேட்டட் மார்ஜினில், குறைந்தபட்சம் மிஞ்ச வேண்டிய மெயின்டனன்ஸ் மார்ஜின் பொசிஷன் மதிப்பில் 0.5% என்று வைத்தால், முதல் நாள் லிக்விடேஷன் விலை சுமார் 90.45. 0.05% ஃபண்டிங் அந்த மார்ஜினிலிருந்தே பிடிக்கப்பட்டால், பத்து நாள் முடியும்போது அது 91.96. முதல் நாள் 91இல் வைத்த ஸ்டாப் இப்போது லிக்விடேஷனுக்குக் கீழே கிடக்கிறது, வேலைக்கே ஆகாது. `Unrealized PnL` இதைக் காட்டாது, அது விலை வித்தியாசம் மட்டும். பரிவர்த்தனை வரலாற்றில் `Funding Fee` என்று வடிகட்டிக் கூட்டினால்தான் உண்மையான லாப நஷ்டம் தெரியும்.

ஃபண்டிங் நேரத்துக்குச் சற்று முன் மூடிவிட்டு, பிறகு மறுபடி திறக்கலாமே என்ற யோசனை எல்லாருக்கும் வரும். உடனே நிறைவேறும் ஆர்டருக்கான டேக்கர் கட்டணம் ஒரு பக்கத்துக்கு 0.05% என்றால் மூடித் திறக்க 10 USDT. மிச்சமாவது 1, அதிகம் போனால் 5. ரேட் 0.1%ஐத் தாண்டினால்தான் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அப்போதும் ஸ்ப்ரெட்டும் ஸ்லிப்பேஜும் குறுக்கே நிற்கும்.

ரேட்டைப் பார்க்கும்போது இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள். ரேட் உச்சவரம்பைத் தொட்டால் சில எக்ஸ்சேஞ்சுகள் எட்டு மணியை நான்காகவோ ஒன்றாகவோ குறைத்துவிடும். அதே 0.05% மணிக்கொருமுறை பிடிக்கப்பட்டால் நாளுக்கு 1.2%. பத்து மடங்கு லெவரேஜில் அது மார்ஜினின் 12%. விலை அசையாவிட்டாலும் எட்டே நாளில் பொசிஷனே மிஞ்சாது.