செய்முறைத் தேர்வில் ஒரு தோள்பையும் இரண்டு வரிகளும்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரே ஒரு பொருள். சிறு கடை ஒன்று தன் இணையதளத்தில் விற்கும் கேன்வாஸ் தோள்பை. 15.6 அங்குல லேப்டாப் கொள்ளும், உள்ளே பஞ்சு வைத்த அறை உண்டு, துணி மெழுகு பூசியது. கூகுள் தேடல் முடிவில் இதற்குத் தெரியும் டைட்டிலும், அதன் கீழே வரும் விவர வரியான மெட்டா டிஸ்கிரிப்ஷனும் எழுத வேண்டும்.

நான் எழுதிய டைட்டில்: "கடைப்பெயர் | சிறந்த பை, தரமான பை, ஆன்லைன் பை". பத்துக்கு மூன்று மதிப்பெண். திருத்தியவர் ஓரத்தில், "இதை எந்தப் பைக்கு ஒட்டினாலும் ஒட்டும்" என்று எழுதியிருந்தார். கோபம் வந்தது, ஆனால் சரிதானே?

மறுதேர்வுக்கு முன் இப்படி மாற்றினேன்:

```html
<title>15.6 அங்குல லேப்டாப் கேன்வாஸ் தோள்பை | கடைப்பெயர்</title>
<meta name="description" content="15.6 அங்குல லேப்டாப்புக்குப் பஞ்சு வைத்த தனி அறை. மெழுகு பூசிய கேன்வாஸ், தூறலைத் தாங்கும்; கனமழைக்கு உறை தேவை.">
```

தேடுபவர் தட்டும் சொற்கள் முன்னால் வந்துவிட்டன, கடைப்பெயர் கடைசிக்குப் போனது. காரணம், டைட்டில் நீண்டால் கூகுள் அதன் கடைசியை வெட்டிவிடும். அதை எழுத்தெண்ணி வெட்டுவதில்லை. திரையில் இருக்கும் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. பாடத்தில் சொல்லும் "60 எழுத்து" ஆங்கிலத்துக்கான உத்தேசக் கணக்குதான். தமிழில் ஞ, ண போன்றவை அகலமானவை. போதாததற்கு, பல எண்ணும் கருவிகள் "கொ" என்பதை இரண்டாக எண்ணும். அதனால் நான் எண்ணிக்கையைப் பெரிதாக நம்புவதில்லை. வால் வெட்டுப்பட்டாலும் தலை மட்டும் பொருளைச் சொல்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பக்கத்தின் மேலே தெரியும் `<h1>` தலைப்பு டைட்டிலோடு ஒத்துப்போக வேண்டும். டைட்டில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கினால், கூகுள் அதை ஒதுக்கிவிட்டு அந்தத் தலைப்பையே எடுத்துக் காட்டக்கூடும். என் முதல் டைட்டிலுக்கு அதுதான் நடந்திருக்கும்.

டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. இது பலர் தேர்வில் தவறவிடும் இடம். முடிவுப் பட்டியலில் நம் வரியைப் பார்ப்பவர் கிளிக் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் அது உதவுகிறது. அதுவும் நாம் எழுதியதே வரும் என்ற உத்தரவாதம் இல்லை. நம் பக்கத்திலேயே உள்ள வேறொரு வாக்கியம் கேட்ட தேடலுக்குப் பொருத்தமாகப்பட்டால் கூகுள் அதை எடுத்துப் போடும். எனவே அறை, துணி பற்றிய விவரங்கள் பக்கத்திலும் முழு வாக்கியமாக இருக்கட்டும். "கனமழைக்கு உறை தேவை" என்பதை எழுதத் தயங்கினேன். விட்டிருந்தால், நனையாத பை தேடி வருபவர் ஏமாந்து திரும்பியிருப்பார்.

மாற்றியபின் அடுத்த நாளே பலனைத் தேடாதீர்கள். கூகுள் பக்கத்தை மறுபடி வந்து படிக்கச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். அப்புறம், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் Search Console-இல் அந்தப் பக்கத்துக்கு வந்த தேடல்களைப் பாருங்கள். முதல் சில இடங்களிலேயே தெரிந்தும் கிளிக் குறைவாக இருந்தால், முதலில் திருத்த வேண்டியவை இந்த இரண்டு வரிகள்தான். இருபதாவது இடத்தில் கிடந்தால் வரிகளை மாற்றிப் பெரிய பயனில்லை. அப்போது பக்கத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும்.