அட்வான்ஸில் 3,894 ரூபாய் பிடித்த கதை

வாடகை வீட்டில் நாம் கொடுத்த பொருளைக் குடியிருந்தவர் கெடுத்துவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். பிடிப்பதற்கு உருப்படியாக ஒரு பில் வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் நான் நின்ற நேரத்துக்குக் கூலி போட்டால் பிடித்த பணத்தைவிட அதிகம் வரும். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு மடிப்பாக்கத்தில், ஒரே ஒரு படுக்கையறை. வாடகை 15,000, அட்வான்ஸ் 45,000. இருந்தது வேலைக்குப் போகிற இரண்டு பையன்கள். நல்ல பிள்ளைகள், வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை. வீட்டோடு நான் கொடுத்திருந்தது ஒரு கட்டில், ஒரு ஃப்ரிட்ஜ். சிங்கிள் டோர், 2019இல் வாங்கியது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டையும் எழுதி, ஃப்ரிட்ஜின் சீரியல் நம்பரையும் சேர்த்து, "நல்ல முறையில் இயங்குகிறது" என்று கையெழுத்து வாங்கியிருந்தேன். சாவி கொடுத்த அன்று எடுத்த போட்டோக்களும் போனில் இருந்தன. ஃப்ரீசரைத் திறந்து வைத்து எடுத்த போட்டோ ஒன்றும் அதில் இருந்தது தற்செயல்தான். அந்தத் தற்செயல்தான் பிறகு காப்பாற்றியது.

காலி செய்யும்போது, "ஒரு வாரமா கூலிங் இல்ல ஆன்ட்டி, பழசாயிடுச்சு போல" என்றான் மூத்தவன். ஃப்ரீசரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கச் சுவரில் இணையாக நாலைந்து கீறல்கள், ஒரு கீறலின் முனையில் சின்னக் குழி, அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. ஐஸ் கட்டிப்போனதைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். இந்த வகை ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியே மெல்லிய அலுமினியத் தகடுதான். அந்தத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது. கத்தி முனை ஒரு தடவை இறங்கினால் போதும், கேஸ் வெளியேறிவிடும், கூடவே கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும். கூலிங் அளவை மாற்றுகிற திருகுக்கு நடுவில் டீஃப்ராஸ்ட் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் ஐஸ் தானே உருகியிருக்கும்.

அவன் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "எவ்ளோ ஆகுதுன்னு பில்லோட அனுப்புங்க ஆன்ட்டி" என்றான். நியாயமான பேச்சு. 38,000 ரூபாயை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, 7,000 மட்டும் நிறுத்திவைத்தேன். இதை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சொல்வேன். தகராறில் இருக்கிற தொகையை மட்டும் வையுங்கள், மொத்தத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு "பில் வரட்டும்" என்றால் எதிராளிக்கு நம்பிக்கை அன்றே போய்விடும். தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டப்படியும் வீடு காலியான ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரர். சோப்பு நுரை தடவி, எந்த இடத்தில் குமிழி வருகிறது என்று காட்டிவிட்டார். பெட்டி மாற்றிக் கேஸ் அடிக்க 4,500 கேட்டார். பில் தருவீர்களா என்றேன். "பில்லெல்லாம் இல்லக்கா, சீட்டுல எழுதித் தரேன். எவ்ளோ போடணும்?" அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது, இந்தச் சீட்டை அந்தப் பையன் முன்னால் வைக்க முடியாது என்று. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்கிற சீட்டை யார் நம்புவார்கள்? பார்த்துச் சொன்னதற்கு 300 கொடுத்து அனுப்பினேன். அதை யார் கணக்கிலும் சேர்க்கவில்லை.

அப்புறம் கம்பெனி சர்வீஸ். வேலை ஒரே பகலில் முடிந்தது. வேலை முடிந்ததற்கு ஓடிபி கேட்டார் டெக்னீஷியன், எனக்கு எதுவும் வரவில்லை. முன்பு ஏதோ புகாருக்கு அந்தப் பையன் தன் நம்பரில் பதிந்திருக்கிறான். சீரியல் நம்பரோடு அந்த நம்பர் ஒட்டிக்கொண்டது, ஓடிபி அவனுக்குத்தான் போகிறது. அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான், போனை எடுக்கவில்லை. ஓடிபி இல்லாமல் வேலை முடிந்ததாகக் காட்டாதாம், அப்படிக் காட்டாமல் பில் வராதாம். வேலை முடிந்துவிட்டது, பணமும் வாங்கிக்கொண்டார்கள், பில் மட்டும் இல்லை.

சர்வீஸ் சென்டருக்கே போனேன். நம்பரை மாற்ற ஃப்ரிட்ஜ் வாங்கிய ரசீது வேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். ரசீது வீட்டில். மறுபடி போய், மாற்றி, ஒருவழியாகப் பில் கையில் வந்தது. பார்த்தால், புகார் என்ற இடத்தில் "கூலிங் இல்லை", வேலை என்ற இடத்தில் "பாகம் மாற்றம், கேஸ் சார்ஜ்". ஏன் கெட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பில்லை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? கூலிங் இல்லாமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதில் பாதி வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

"காரணம் எழுதித் தாங்க" என்றேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல மேடம்." மேனேஜர் மதியம் வருவார், உட்காருங்கள் என்றார்கள். மேனேஜர் வரவே இல்லை. கடைசியில் வழி சொன்னது அங்கே டீ குடிக்க வந்த அதே டெக்னீஷியன். ஜாப் ஷீட் என்று ஒரு தாள் அவர்களிடம் இருக்கிறது, கையால் நிரப்புவது, அதில் குறிப்புக்கு ஒரு வரி உண்டு. "ஃப்ரீசர் இடது சுவரில் கூர்மையான பொருள் குத்திய துளை, கேஸ் கசிவு" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். கவுன்டரில் சீல் மட்டும் வாங்கினேன். பில்லைவிட எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான். உங்களுக்கு இந்த நிலைமை வந்தால், டெக்னீஷியன் வீட்டில் இருக்கும்போதே ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் எடுத்துப்போக விடாதீர்கள்.

இனி கணக்கு. பில்லில் ஃப்ரீசர் பெட்டி 2,200, ஃபில்டர் 250, கேஸும் வெல்டிங் கூலியும் 1,950, கதவு ரப்பர் 900. ஆக 5,300, ஜிஎஸ்டி 18 சதவீதம் 954, மொத்தம் 6,254.

கதவு ரப்பர் பையன்கள் செய்த வேலை இல்லை. வருடக்கணக்கில் திறந்து மூடித் தளர்ந்துபோனது, ஆள் வந்த நேரத்தில் மாற்றச் சொன்னது நான். அதை வரியோடு 1,062 என்று முதலிலேயே கழித்தேன். மிச்சம் 5,192. இதையும் அப்படியே பிடித்தால் நியாயம் இல்லை என்று தோன்றியது. ஐந்து வருடம் ஓடிய பெட்டி போய் எனக்குப் புதுப் பெட்டி வந்திருக்கிறது. பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் பாதி ஆயுள் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதனால் பெட்டியின் விலையில், வரியோடு 2,596இல், பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். கேஸுக்கும் கூலிக்கும் ஃபில்டருக்கும் அப்படிக் குறைக்கவில்லை. துளை விழாமல் இருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. ஆக 5,192இல் 1,298 போக 3,894. "முழுசாப் பிடிச்சுக்கோ, யார் கேக்கப் போறா" என்றார் என் நாத்தனார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிற ஊரில் அப்படித்தான் பேசுவார்கள்.

கடிதத்தை மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அதன் முக்கியப் பகுதி இது:

"தம்பி, ஒப்பந்தத்தில் பொருள் பட்டியலில் உள்ள ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் துளை விழுந்து கேஸ் கசிந்ததால் பழுது பார்க்க 6,254 ரூபாய் ஆனது. பில் இணைத்திருக்கிறேன். இதில் கதவு ரப்பர் 1,062, புதுப் பெட்டியின் விலையில் பாதி 1,298 இரண்டும் என் பொறுப்பு. மீதி 3,894 ரூபாயை அட்வான்ஸில் கழிக்கிறேன். நிறுத்திவைத்த 7,000இல் உங்களுக்கு வரவேண்டியது 3,106. டெக்னீஷியன் குறிப்பு, நீங்கள் வந்தபோதும் போனபோதும் எடுத்த போட்டோக்கள் இணைப்பில் உள்ளன. பழைய பெட்டி என்னிடம் இருக்கிறது, வந்து பார்க்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் ஏழு நாளுக்குள் எழுதுங்கள்."

"கத்தியால் குத்தினீர்கள்" என்று எங்கேயும் எழுதவில்லை. நான் பார்க்காததை நான் எழுதக் கூடாது. துளை இருக்கிறது, துளை எப்படிப்பட்டது என்று தொழில் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார், அது போதும்.

மறுநாளே பதில் வந்தது, சண்டையோடு. அவனுக்குத் தெரிந்த ஒருவர், பழைய ஃப்ரீசரில் அலுமினியம் அரித்துத் தானாகவே ஓட்டை விழும் என்று சொல்லியிருக்கிறார். உண்மைதான், விழும். அப்படியிருந்தால் செலவு முழுக்க என்னுடையது. ஆனால் அரித்து விழுகிற ஓட்டை வேறு மாதிரி இருக்கும். ஊசி முனை அளவில், சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்து, தகடு சொரசொரப்பாக இருக்கும். அதை எழுதிக்கொண்டிருக்காமல், "ஞாயிற்றுக்கிழமை வா தம்பி, பார்த்துட்டுப் பேசுவோம்" என்றேன்.

வந்தான். பால்கனியில் வைத்திருந்த பெட்டியை வெயிலில் திருப்பிக் காட்டினேன். தகடு பளபளவென்று இருந்தது, கீறல் நேராகப் போய்க் குழியில் முடிந்தது. குழியின் விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருந்தது. போனில் இருந்த பழைய போட்டோவையும் பக்கத்தில் வைத்தேன், அதில் கீறலே இல்லை. விரலால் தடவிப் பார்த்தவன், "ரூம்மேட் வேலை ஆன்ட்டி இது" என்று சிரித்துவிட்டான். ரூம்மேட்டிடம் பாதி வாங்கிக்கொள்வது அவன் பாடு. அங்கேயே 3,106 ரூபாயை ஜிபே செய்தேன். "அட்வான்ஸ் கணக்கு முடிந்தது" என்று மெயிலில் பதில் போடச் சொன்னேன், போட்டான்.

இப்போது அடுத்த ஆள் வந்துவிட்டார். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஃப்ரீசரைக் கூர்மையான பொருளால் சுரண்டக் கூடாது என்பது ஒன்று. பழுது என்றால் புகாரை என் நம்பரில்தான் பதிய வேண்டும் என்பது இன்னொன்று.