குரூப் 4 அறிவிக்கையில் நான் பென்சிலால் கோடு போட்ட இடங்கள்

2024 குரூப் 4 அறிவிக்கை வந்தபோது முதலில் என் கைக்குக் கிடைத்தது வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு படம்தான். 6,244 இடங்கள், கடைசி நாள் பிப்ரவரி 28, தேர்வு ஜூன் 9. படிக்க உட்கார இது போதும் என்று நினைத்துப் பொது அறிவில் இறங்கிவிட்டேன். தமிழ் நம் மொழிதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். நான் ஆங்கில வழியில் படித்தவன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் தேர்வாணையத்தின் தளத்திலிருந்து முழு அறிவிக்கையையும் இறக்கி, பிரின்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தேன். தேர்வுத் திட்டம் ஒரு சின்ன அட்டவணை. பகுதி அ, தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு, 100 கேள்விகள், 150 மதிப்பெண். பகுதி ஆ, பொது அறிவு 75, திறனறிவு 25, அதற்கும் 150. மொத்தம் 3 மணி நேரம். தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 90 என்று பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அதோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பகுதி அ-வில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுத்தால்தான் பகுதி ஆ விடைகளையே திருத்துவார்கள்.

அன்று இரவே பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். பகுதி ஆ-வில் 88 சரி, 132 மதிப்பெண். தமிழில் 39 சரி, 58.5. கூட்டினால் 190.5 வருகிறது, 90-ஐவிட எவ்வளவோ மேலே. ஆனாலும் நிஜத் தேர்வாக இருந்திருந்தால் அந்த 132-ஐ யாரும் எண்ணியே இருக்க மாட்டார்கள். தமிழில் ஒரே ஒரு கேள்வி குறைந்ததற்காக!

அப்புறம் பின்னிணைப்பில் இருந்த பாடத்திட்டத்தை எடுத்தேன். பத்தாம் வகுப்புத் தரம் என்று போட்டிருந்தது. தமிழில் இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என மூன்று பிரிவுகள். என் விடைகளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தவறுகளில் பெரும்பாலானவை இலக்கணத்தில். தினமும் காலை ஒரு மணி நேரம் பள்ளி இலக்கணப் பாடங்களுக்கு என்று ஒதுக்கினேன்.

தேதிகளையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கல்வித் தகுதி அறிவிக்கை நாளான ஜனவரி 30 அன்றே இருக்க வேண்டும். வயதைக் கணக்கிடுவதோ ஜூலை 1-ஐ வைத்து. இரண்டும் வேறு நாள்கள், கடைசித் தேதியோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை. விண்ணப்பத்தைத் திருத்த மார்ச் 4 முதல் 6 வரை மூன்றே நாள். இந்த நாள்களையெல்லாம் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அந்த மார்ச் 4-ஆம் தேதி காலை என் விண்ணப்பத்தைத் திறந்து, சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.